வாடைக்கு வைத்த காசு

றெஜிபோம் பெட்டியின் மூடியைத் திறந்ததும் கந்தோர் முழுக்க மீன் மணத்தது. ஐஸுக்கு நடுவில் விளைமீனும் பாரையும் வாலும் தலையுமாக அடுக்கிக் கிடந்தன. தோளில் சுமந்துகொண்டு மாடிப்படி ஏறி வந்தவர் தோள் துவாயால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கோப்புகளை விட்டு நாலைந்து பேர் எழும்பி வந்து பெட்டியைச் சுற்றி நின்றார்கள்.

"வலன்ரைனின்ட அப்பாவோ? உங்கட மேன் ஒரு நாளும் ஒரு சூடை மீன் கூடக் கொண்டுவந்து தரேல்லை" என்றார் மங்கையற்கரசி. கந்தோரில் பெரியவர் அவர். சிரிப்பு எழுந்தது. வந்தவரும் சிரித்தார். பேசாலையில் நல்ல மீன்பாடு கிடைத்தால் கரையில் நிற்பவர்களுக்குக் கறிக்கு மீன் கொடுக்காமல் வீட்டுக்குப் போகிற வழக்கம் இல்லை என்றும், மகன் இருக்கிற கந்தோரும் தனக்குக் கரைதான் என்றும் சொன்னார்.

வலன்ரைன் தன் மேசையை விட்டு எழும்பவில்லை. அப்பா வருவதாகச் சொல்லியிருக்கவில்லை.

சன்னலோரத்து மேசையிலிருந்து றஹீமா வந்தாள். அவனோடு ஒரே நாளில் நியமனம் கிடைத்தவள். எருக்கலம்பிட்டிக்காரி. அவள் மீனைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"ஒப்பரேஷன் செய்த உடம்போட ஏன் இவ்வளவு பாரம் தூக்கினீங்கள்? இப்ப சுகமா?"

அப்பா செபமாலையின் சிரிப்பு அப்படியே நின்றது. அவர் மகனைப் பார்த்தார். வலன்ரைன் மேசையிலிருந்த ஊசியொன்றை எடுத்துத் தாள்களில் குத்தினான். பிறகு செபமாலையின் கை மெல்ல இறங்கி வயிற்றின் வலப்பக்கத்தைப் பொத்தியது.

"சுகம்தான் பிள்ளை. இன்னும் கொஞ்சம் இழுக்குது."

மங்கையற்கரசி ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். யாரோ தேத்தண்ணிக்குச் சொன்னார்கள். செபமாலை நோயாளி இருப்பதைப்போல் கதிரையின் நுனியில் இருந்தார். தேத்தண்ணியைக் குடித்து முடித்துப் படியிறங்கும்போது கைபிடிக் கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்கினார். ஏறி வரும்போது இரண்டு படியை ஒன்றாகத் தாண்டி வந்த மனிசன். வலன்ரைன் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். தகப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. தெருவில் இறங்கிச் சந்தி திரும்பும் வரை கை வயிற்றிலேயே இருந்தது.

அன்றைக்கு எல்லாரும் ஆளுக்கொரு பையில் மீன் கொண்டுபோனார்கள். றஹீமா தனக்குப் பங்கு போடும்போது சின்ன மீனாகக் கேட்டாள். வீட்டில் இரண்டு பேர்தானே என்றாள்.

செபமாலையின் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் வலன்ரைன்தான். அதற்கு முன் அந்த வீட்டில் காசு மாதத்துக்கு ஒருமுறை வந்ததில்லை. கடல் தந்த அன்று வரும், தராத அன்று வராது. வந்த அன்று இறைச்சிக் கறி; வராத நாட்கள் நீண்டால் கரையில் மீன் வாங்குகிற பெனடிக்ற் முதலாளியின் வாடி. முதலாளி முன்பணம் கொடுப்பார். வட்டி கேட்கமாட்டார். ஆனால் அந்தக் காசு தீரும் வரை பிடித்த மீனை அவருடைய தராசில்தான் போட வேண்டும், சந்தையை விடக் கிலோவுக்கு நாற்பது ஐம்பது குறைவாக அவர் சொல்கிற விலையில். வட்டியை விட அது கூட என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் வாங்குவார்கள். வாடைக்காற்று தொடங்கிக் கடல் இறங்க முடியாத மாதங்களில் வேறு யார் கொடுப்பார்கள்?

மகனுக்கு நியமனக் கடிதம் வந்த வருஷம் இறால் நன்றாகப் பட்டது. செபமாலை முதலாளியின் கணக்கைச் சல்லி மிச்சமில்லாமல் முடித்தார். கலியாணம் கட்டிய நாள் தொட்டு அவர் முதலாளிக்குக் கடனில்லாமல் இருந்தது அந்த வருஷம்தான். முடித்த அன்று மாலை மண்ணெண்ணெய்க் கானைக் குலுக்கிக் கழுவிக்கொண்டே மகனிடம் சொன்னார்:

"இனி வாடைக்கு முன்பணம் வேண்டாம். உன்ட சம்பளத்தில மாசம் கொஞ்சம் ஒதுக்கி வை. கார்த்திகை, மார்கழி, தை. மூண்டு மாசம் அடுப்பெரிஞ்சால் காணும். அதுக்குப் பிறகு கடல் பார்த்துக்கொள்ளும்."

ஓம் என்றான் வலன்ரைன். அதை அவன் மனதாரத்தான் சொன்னான். அப்போது சம்பளம் என்ற ஒன்றை அவன் கையால் தொட்டிருக்கவில்லை.

புதிதாக வந்தவர்களின் சம்பளம் உடனே வருவதில்லை. கோப்பு ஒரு கந்தோரிலிருந்து இன்னொரு கந்தோருக்குப் போய்த் திரும்ப வேண்டும். யூன் மாதம் வேலையில் சேர்ந்தவனுக்கு யூலையிலும் ஒன்றுமில்லை, ஓகஸ்டிலும் ஒன்றுமில்லை. பஸ் காசைத் தாய் மார்த்தா சேலைத் தலைப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தாள். பிறகு செப்ரெம்பரில் நிலுவை முழுவதும் ஒன்றாக வந்து கணக்கில் விழுந்தது. கழிவுகள் போக அறுபத்து மூவாயிரம். மன்னார் பட்டினத்தில் காசு எடுக்கிற மெஷினுக்கு முன்னால் அந்த எண்ணைப் பார்த்தபோது அவனுக்குத் தோன்றிய சொல் சம்பளம் அல்ல. பாடு. பெரிய பாடு.

பெரிய பாடு பட்டால் கரையில் நிற்பவர்களுக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்தான். நன்றிப் பூசை ஒப்புக்கொடுத்தான். பூசைக்கு வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டான். தாய்க்கும் தங்கச்சிக்கும் சேலை, தகப்பனுக்குச் சாரமும் சேட்டும், தங்கச்சி கேட்ட போன், கந்தோருக்குப் புரியாணி, கூட்டாளிகளுக்கு இரண்டு போத்தல். யாரும் அவனிடம் பறிக்கவில்லை. கேட்கவும் இல்லை. அவன்தான் கொடுத்துக்கொண்டே போனான், கொடுக்கக் கொடுக்கத் தோள் அகலமாகிற மாதிரி இருந்தது. அது ஒரு மாதத்தின் காசல்ல, ஏற்கனவே கடனில் கழிந்துபோன மூன்று மாதங்களின் காசு என்பதும், அடுத்த மாதம் வரப்போவது அதில் மூன்றில் ஒன்றுதான் என்பதும் அவனுக்குத் தெரியாததல்ல. கணக்கு எழுதுகிற கந்தோரில்தான் அவனுக்கு வேலை. ஆனால் கடலுக்குப் போகிற வீட்டில் வளர்ந்தவனுக்கு ஒரு நம்பிக்கை உண்டு: இன்றைக்குப் பட்டால் நாளைக்கும் படும்.

றஹீமாவுக்கும் அதே நாளில் அதே தொகைதான் வந்தது. அவள் கந்தோருக்குக் கொண்டுவந்தது ஒரு பெட்டி வட்டிலப்பம், உம்மா அவித்தது. மிச்சத்தை என்ன செய்தாய் என்று மங்கையற்கரசி பகிடியாகக் கேட்க, அவள் ஒளிக்காமல் சொன்னாள். கடைக் கடனைக் கொடுத்துவிட்டு மிச்சத்தை வேறொரு கணக்கில் போட்டுவிட்டாளாம். மெஷினில் போட்டுக் காசு எடுக்கிற காட் இல்லாத கணக்காம். சம்பளம் வருகிற அன்றே ஐயாயிரம் அதற்குப் போய்விடும். சம்பளமே பதினாறாயிரம்தான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுச் செலவைப் பிரித்து வைத்திருக்கிறாளாம். மூன்று மாதச் செலவு கையில் சேரும் வரை சல்லி தொடுவதில்லையாம்.

"என்னத்துக்கு மூண்டு மாசம்? திரும்பவும் கற்பிட்டிக்குப் போகப் போறியளோ?" என்று கேட்டவன் வலன்ரைன்.

கேட்டு முடித்த பிறகுதான் அது எந்தப் பகிடி என்று அவனுக்கு உறைத்தது. தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை ஊரை விட்டுப் போகச் சொன்னபோது அவளுடைய வீட்டார் உடுத்த உடுப்போடு படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கியவர்கள். அவள் பிறந்ததே புத்தளத்து அகதி முகாமில். மற்றவர்கள் சிரிப்பதா விடுவதா என்று நின்றார்கள். றஹீமா சிரித்தாள்.

"போகச் சொன்னால் போறதுக்குக் காசு இருக்கும்" என்றாள்.

அந்த மாதக் கடைசியில் மங்கையற்கரசி சீட்டுத் தொடங்கினார். பத்துப் பேர், ஆளுக்கு மாதம் ஐயாயிரம், மாதம் ஒருவருக்கு ஐம்பதாயிரம். ஏலம் கூறுவது இல்லை. பேர் எழுதிய துண்டைக் கோப்பைக்குள் போட்டுக் குலுக்கி வரிசை எடுப்பது. வட்டியில்லாத சீட்டு என்பதால் றஹீமாவும் சேர்ந்தாள். முதலில் எடுப்பவனுக்கு அது கடன், கடைசியில் எடுப்பவனுக்கு அது சேமிப்பு என்று மங்கையற்கரசி ஒவ்வொரு தடவையும் சொல்வார். இந்தத் தடவையும் சொன்னார். முதல் துண்டு றஹீமாவுக்கு விழுந்தது. வலன்ரைனுக்கு ஒன்பதாவது.

ஒன்பதாவது அவனுக்கு நல்லதுதான். பேசாமல் கட்டிக்கொண்டே போனால் வைகாசியில் ஐம்பதாயிரம் கையில் நிற்கும். ஆனால் அந்த நாட்களில் அவன் பஸ்ஸில் போகும்போதெல்லாம் லீசிங் கடைக்கு முன்னால் வரிசையாக நின்ற மோட்டார் சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டு போனான். அறுபத்து மூவாயிரம் இருந்தபோது அவனுக்கு அது தோன்றவில்லை. தீர்ந்த பிறகுதான் தோன்றியது. முற்பணம் ஐம்பது கட்டினால் வண்டி அன்றைக்கே கையில். மிச்சத்துக்கு மாதம் ஆறாயிரத்துச் சொச்சம், மூன்று வருஷம். உத்தியோகத்துக்குப் போகிறவன் மீன் கூடைகளோடு நெரிபட்டுப் போவதா?

அவசரத் தேவை உள்ளவருக்குத் துண்டை மாற்றிக் கொடுப்பது சீட்டில் உள்ள வழக்கம். ஆனால் அது துண்டுக்காரர் மனம் வைத்தால்தான். அவன் முதலில் மங்கையற்கரசியிடம் போனான். அப்பாவுக்குக் குடலிறக்கம் என்றான். பெரியாஸ்பத்திரியில் நாள் தள்ளிப் போடுகிறார்கள், யாழ்ப்பாணத்தில் பிரைவேற்றில் செய்ய வேண்டும் என்றான். சொல்லும்போது சட்டையின் மேலே தன் இடப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினான். அது தேவையில்லாதது. பொய்க்கு அவனே போட்ட பூச்சு. றஹீமா பக்கத்து மேசையில் கேட்டுக்கொண்டிருந்தாள். அவனைக் கேட்கவிடாமல் அவளே சொன்னாள்.

"என்ட துண்டை எடுங்கோ. நான் ஒன்பதாவதை எடுக்கிறன். எனக்கு அது சேமிப்புத்தானே. எப்ப வந்தாலும் சரி."

அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் தடுமாறியிருப்பான், தடுமாறியிருந்தால் தப்பியிருப்பான். அப்பாவோடு யாழ்ப்பாணத்தில் நிற்பதாகக் கந்தோரில் சொல்லி ஒரு கிழமை லீவு போட்டு வீட்டில் இருந்துவிட்டு, அடுத்த மாதம் புது மோட்டார் சைக்கிளில் கந்தோருக்குப் போனான். மாமா கொடுத்தது என்றான். அதுவும் ஒரு பொய்தான், ஆனால் முதல் பொய்க்குப் பக்கத்தில் அது பொய் மாதிரியே தெரியவில்லை. வீட்டில் நிலுவைக் காசில் எடுத்தது என்றான்.

சம்பளம் இருபத்தோராயிரம். சீட்டும் லீசிங்கும் போனால் பத்தாயிரம் கூட இல்லை. அதில் பெற்றோல், போன், மத்தியானச் சாப்பாடு. தாயிடம் மாதம் ஐயாயிரம் தருவதாகச் சொல்லியிருந்தான். முதல் மாதம் மூன்று கொடுத்தான், அடுத்த மாதம் கொடுக்கவில்லை. மார்த்தா கேட்கவில்லை. வாடைக்கு ஒதுக்குகிறான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அப்படியிருக்கும்போதுதான் தகப்பன் பெட்டியோடு மாடியேறி வந்தார்.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போக அவனுக்குக் கால் வரவில்லை. பேசாலைச் சந்தியில் வண்டியை நிறுத்திவிட்டு நேரம் போக்கினான். போனபோது செபமாலை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகளெல்லாம் நல்ல பிள்ளைகள், மரியாதையான பிள்ளைகள் என்று மார்த்தாவிடம் கந்தோரைப் பற்றிச் சொன்னார். தேத்தண்ணி தந்ததைச் சொன்னார். ஒப்பரேஷனைப் பற்றி ஒரு சொல் இல்லை. அன்றைக்கும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. வைதிருந்தால் வலன்ரைன் ஏதாவது சொல்லித் தப்பியிருப்பான். அடித்திருந்தாலும் பரவாயில்லை. தகப்பன் அவனைக் காணும்போது முன்பு மாதிரியே பேசினார், ஒன்றைத் தவிர: மோட்டார் சைக்கிளில் ஏறமாட்டேன் என்றார். கோயிலுக்கும் நடந்தே போனார்.

நவம்பரில் மழை பிடித்தது. கிணற்றடிச் சீமெந்தில் வழுக்கி விழுந்த றஹீமாவின் உம்மாவுக்குத் தொடையெலும்பு முறிந்தது. மன்னார் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு அநுராதபுரத்துக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். ஒப்பரேஷனுக்குக் காசு வாங்கமாட்டார்கள்; ஆனால் உள்ளே வைக்கிற தகட்டை வெளியில் வாங்கித் தரச் சொன்னார்கள். அது போக வான் பிடிக்க வேண்டும், அங்கே நின்று பார்க்கிறவரின் சாப்பாடு, தங்குமிடம், பிறகு வீட்டில் நடக்கத் தொடங்கும் வரை ஒரு ஆள். றஹீமா இரண்டு நாள் லீவுக்குப் பிறகு அரைநாள் கந்தோருக்கு வந்தாள். முகம் ஊதியிருந்தது. மூன்றாவது சீட்டு போன கிழமைதான் ஒருவர் எடுத்து முடிந்திருந்தது. அடுத்ததற்கு இன்னும் மூன்று கிழமை.

அவள் வலன்ரைனின் மேசைக்கு வந்தாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

"என்ட கணக்கில சேர்த்ததெல்லாம் எடுத்திட்டன். இன்னும் முப்பது குறையுது. உங்களிட்ட ஏதும் இருக்குமா? கடனாகத்தான். ஒன்பதாவது சீட்டை எடுத்த உடன தந்திடுவன்."

தன்னுடைய சீட்டை அவள் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கடன் கேட்டாள். அவனுடைய கணக்கில் அன்றைக்கு ஆயிரத்து நூறு ரூபா இருந்தது, சம்பளத்துக்கு இன்னும் இரண்டு நாள். "பார்க்கிறன்" என்றான். அவள் தலையாட்டிவிட்டுப் போய் தன் கோப்புகளை அடுக்கினாள்.

மத்தியானம் லீசிங் கந்தோருக்குப் போனான். வண்டியை வைத்து ஏதும் எடுக்கலாமா என்று கேட்டான். வண்டிப் புத்தகம் எங்களிடம் இருக்கும் வரை வண்டியே உங்களுடையது இல்லை என்று மேசையிலிருந்த பையன் பணிவாகச் சொன்னான். இரண்டு கூட்டாளிகளைக் கேட்டான். போத்தல் குடித்தவர்கள்தான். ஒருவன் தன் லீசிங் கதையைச் சொன்னான். மற்றவன் போனை எடுக்கவில்லை.

பின்னேரம் கரைக்குப் போனான். வாடைக்காற்று மணலைக் கிளப்பி அடித்தது. வள்ளங்களை மேலே இழுத்துவிட்டிருந்தார்கள். செபமாலை எஞ்சினுக்குப் படங்கு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். வலன்ரைன் கயிற்றின் மறுநுனியைப் பிடித்தபடி எல்லாவற்றையும் சொன்னான். நிலுவையை, துண்டு மாற்றியதை, முற்பணத்தை, வாடைக்கென்று ஒரு சல்லியும் இல்லாததை. தகப்பனின் முகத்தைப் பார்க்கவில்லை, முடிச்சைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு வேணும்?"

"முப்பது."

செபமாலை முடிச்சை இறுக்கினார். பிறகு வா என்று சொல்லிவிட்டு நடந்தார். வலன்ரைன் வண்டியை உருட்டிக்கொண்டு பின்னால் போனான். வாடிக்குத்தான் போகிறார் என்று பாதி வழியிலேயே தெரிந்தது. அப்பா, வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று வலன்ரைனுக்கு இருந்தது. சொல்லவில்லை. வேண்டாம் என்றால் வேறு என்ன?

பெனடிக்ற் முதலாளி கதிரையில் சாய்ந்து ரேடியோக் கேட்டுக்கொண்டிருந்தார். செபமாலையைக் கண்டதும் சத்தத்தைக் குறைத்தார்.

"என்ன செபமாலை, கணக்கை முடிச்சுக் கும்பிடு போட்டிட்டுப் போன ஆளெல்லோ? மேன் உத்தியோகம் எண்டாய்."

"எஞ்சின் வேலை இருக்குது முதலாளி. முப்பது வேணும். வீட்டுக்கும் ஒரு பத்து."

"எஞ்சினோ?" முதலாளி வாசலில் நின்ற வலன்ரைனைப் பார்த்தார். அதற்கு அப்பால் நின்ற மோட்டார் சைக்கிளையும் பார்த்தார். "மேன் கந்தோரில கதிரையில. தகப்பன் என்ட வாடியில. நல்லது. பழைய கதைதானே? கணக்குத் தீருமட்டும் மீன் இஞ்சதான் வரவேணும். விலை நான் சொல்லுற விலை."

"ஓம்" என்றார் செபமாலை.

உள்ளே போய் எடுத்துவந்த காசை முதலாளி செபமாலையிடம் கொடுக்கவில்லை. எண்ணிப் பார்க்கச் சொல்லி வலன்ரைனிடம் நீட்டினார். படித்த பிள்ளையல்லவா என்றார். அவன் எண்ணினான். கணக்குப் பிசகியதால் இரண்டு தடவை எண்ண வேண்டியிருந்தது. இரண்டு பேரும் காத்துக்கொண்டு நின்றார்கள்.

திரும்பும்போது காற்றுக்கு எதிராக நடந்தார்கள். வண்டியை அவன் உருட்டிக்கொண்டு வந்தான். வீடு தெரிகிற தூரத்தில் செபமாலை நின்றார்.

"அண்டைக்கு நான் வலப்பக்கம் பிடிச்சன். நீ எந்தப் பக்கம் எண்டு சொல்லியிருந்தனீ?"

"வலப்பக்கம்தான்" என்றான் வலன்ரைன்.

"அப்ப சரி" என்றார் அவர். அதில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்ததுபோலப் பட்டது. அந்த நிம்மதியை அவனால் தாங்க முடியவில்லை. வண்டியின் கண்ணாடியைச் சரிசெய்கிற மாதிரிக் குனிந்துகொண்டான்.

அடுத்த நாள் வேலை முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனான். றஹீமா வார்ட்டுக்கு வெளியே விறாந்தையில் மர வாங்கில் இருந்தாள். காலையில் வான் வருகிறது, அநுராதபுரத்தில் கட்டில் கிடைத்துவிட்டது என்றாள். அவன் கடித உறையைக் கொடுத்தான். அவள் எண்ணாமல் கைப்பைக்குள் வைத்தாள். யாரிடம் வாங்கினது என்று கேட்டாள். அப்பா தந்தவர் என்றான்.

அவள் கைப்பையை மூடினாள்.

"அவரிட்ட எப்படிக் காசு? வாடையில கடல் இல்லையே."

அவன் சேட்டுப் பையின் பொத்தானைப் பூட்டினான்.

"முதலாளியிட்டயா?"

ஓம் என்று தலையை ஆட்டினான்.

"நீங்கள் சீட்டு மாத்தக் கேட்டபோது இடப்பக்கம் தொட்டுக் காட்டினீங்கள்" என்றாள் றஹீமா. குரலில் கோபம் இல்லை. "அவர் வலப்பக்கம் பிடிச்சவர். படியிறங்கிப் போனதையும் பார்த்தன். எனக்கு அண்டைக்கே தெரியும்."

"அப்ப ஏன் ஒண்டும் கேட்கேல்லை?"

"உங்களைக் கேட்டால் அவரைக் கேட்ட மாதிரி. அவ்வளவு வயசு போன மனிசன், பிள்ளைக்காக நொண்டிக்கொண்டு போறார். அதைக் கண்ட பிறகு என்னெண்டு கேட்கிறது?" அவள் எழும்பினாள். உம்மா உள்ளே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "வைகாசியில சீட்டு வந்த உடன அவரின்ட கையிலயே கொண்டுவந்து குடுப்பன். உங்களிட்டத் தரமாட்டன். குறை நினைக்காதேங்கோ."

கதவு சாத்திக்கொண்டது. வாங்கில் அவள் இருந்த இடம் இன்னும் சூடாக இருந்தது. அவன் அதில் இருக்காமல் நின்றான்.

மறுநாள் சம்பள நாள். வலன்ரைன் பஸ்ஸில் மன்னாருக்குப் போனான். வங்கி திறக்குமுன் வாசலில் காத்திருந்து காட் இல்லாத ஒரு கணக்குத் திறந்தான். ஒவ்வொரு மாதமும் சம்பளத்துக்கு அடுத்த நாள் இரண்டாயிரம் தானாக அதற்குப் போகும்படி எழுதிக் கையெழுத்து வைத்தான். ஐயாயிரம் என்று முதலில் எழுதி வெட்டியிருந்தான். லீசிங் கந்தோரில், வண்டியைத் திருப்பிக் கொடுத்தால் ஏலத்தில் விற்று, குறைகிற காசை அவனிடமே அறவிடுவார்கள் என்றும், மிச்சத் தவணையைப் பொறுப்பேற்கிற ஒருவரைக் கூட்டிவந்தால் பேர் மாற்றலாம் என்றும் சொன்னார்கள். முற்பணம் திரும்பி வராது. தாராபுரத்தில் ஒருவர் இருப்பதாக மேசைப் பையன் ஒரு போன் இலக்கம் கொடுத்தான். றஹீமாவின் மேசை வெறுமையாக இருந்தது. வான் விடிய முன்னமே போய்விட்டதாக மங்கையற்கரசி சொன்னார். பிறகு, அப்பாவுக்கு இப்போது எப்படி என்று கேட்டார். சுகம் என்றான். பின்னேரம் தாயிடம் நாலாயிரம் கொடுத்தான். பேசாலையில் அன்று ஒரு வள்ளமும் கடலுக்குப் போகவில்லை. செபமாலை பகல் முழுவதும் பெனடிக்ற் முதலாளியின் வாடியில் இருந்து அவருடைய கிழிந்த வலைகளைப் பொத்தினார்.